நலம், நலமறிய ஆவல்: முதியோர் இல்லத்துக்கு ஒரு பொங்கல் வாழ்த்து

திருச்சிக்குச் சற்று வெளியே உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் செல்லும் தன்னார்வலர் குழுவில் நானும் ஒருவன். செய்தித்தாள் வாசித்துக் காட்டுவதும், வங்கிப் படிவங்களை நிரப்பித் தருவதும், கேட்பவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் எங்கள் வழக்கமான வேலைகள். மார்கழி பிறந்துவிட்டால் இவற்றோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். இல்லத்தில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொங்கல் வாழ்த்து அட்டை எழுதி அனுப்புவோம். அட்டை சிறியது, அதில் ஏழெட்டு வரிகளுக்குமேல் இடமில்லை. ஆனாலும் அந்த ஏழெட்டு வரிகளில் இரக்கம் கசியாமல் அன்பு மட்டும் நிற்கும்படி எழுதுவது எவ்வளவு கவனம் வேண்டும் வேலை என்பதை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் குழுவில் சேர்பவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சை ஓர் இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

வேறெந்த அட்டையையும் விடப் பொங்கல் வாழ்த்து எங்களுக்கு ஏற்றதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அது அவர்களுடைய அட்டை. இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள், கைப்பேசி வருவதற்கு முன்பு, மார்கழி மாதக் கடைவீதிகளில் கயிற்றில் வரிசையாகத் தொங்கிய வாழ்த்து அட்டைகளை நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். கரும்பும் பானையும் போட்டவை, சாமிப் படம் போட்டவை, நடிகர்கள் படம் போட்டவை என்று பிரித்து, அத்தைக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, கூடப் படித்தவனுக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்து வாங்கியவர்கள். உறையின் மேல் ‘புக் போஸ்ட்’ என்று எழுதி, வாயை ஒட்டாமல் உள்ளே செருகி, குறைந்த தபால்தலையில் அனுப்பும் சிக்கனம் அவர்களுக்குத் தெரியும். போகிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் மதிப்பில்லை என்பதும் தெரியும். ஆகவே நாம் அனுப்பும் அட்டையைப் பெறுபவர்கள் அந்தக் கலையில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாலே பாதிப் பிழைகள் வராமல் போகும்.

அவர்கள் கடிதம் எழுதப் பழகிய காலத்தில் எல்லாக் கடிதங்களும் ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் தொடங்கின. ‘நலம், நலமறிய ஆவல்’ என்றோ, ‘இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் தங்கள் நலமறிய அவா’ என்றோ எழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு விஷயத்துக்குப் போவார்கள். பழகிப்போன வாசகம் என்று நாம் இதைத் தாண்டிச் செல்கிறோம். ஆனால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது: எழுதுபவர் முதலில் தன்னைப் பற்றிச் சொல்கிறார், பிறகு எதிரில் இருப்பவரைப் பற்றிக் கேட்கிறார், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நிலை அது. இரக்கத்தோடு எழுதப்படும் அட்டையில் இந்த மூன்றுமே இருப்பதில்லை. எழுதுபவர் தன்னைப் பற்றி ஒரு செய்தியும் சொல்லமாட்டார். பெறுபவரின் நிலைமையைப் பற்றி, அதுவும் அவரிடம் கேட்காமலே, தானாக ஊகித்துப் பேசுவார். பதிலை எதிர்பார்க்கவும் மாட்டார். எங்கள் குழுவில் ஓர் அட்டை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இங்கிருந்து வந்தவையே: நம்மைப் பற்றி ஒரு செய்தியாவது சொல்லியிருக்கிறோமா, அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்டிருக்கிறோமா?

ஓர் எடுத்துக்காட்டை வரிவரியாகப் பார்த்தால் இது விளங்கும். புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவர்கள், நல்ல மனத்தோடும் அழகான கையெழுத்தோடும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாசகம் எழுதிக் கொண்டுவந்தார்கள்.

‘அன்பான தாத்தா பாட்டிகளே! உங்களைக் கவனிக்க யாரும் இல்லை என்று வருந்த வேண்டாம். உங்கள் பேரப்பிள்ளைகளாக நாங்கள் இருக்கிறோம். இறைவன் உங்களுக்கு மன வலிமையைத் தர வேண்டுகிறோம். உங்கள் முகத்தில் பூக்கும் புன்னகையே எங்கள் பொங்கல்!’

இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் இதைப் பெறுபவரின் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். முதல் சொல்லிலேயே அவர் ஒரு கூட்டத்தில் ஒருவராகிவிட்டார். ‘தாத்தா பாட்டிகளே’ என்று விளிக்கப்பட்ட ஒரு கடிதம், பெயர் எழுதிய உறைக்குள் இருந்தாலும், அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டியதுதான். இரண்டாவது வரி உண்மையே இல்லை. நாங்கள் செல்லும் இல்லத்தில் மணமாகாமல் தனித்து வாழ்ந்து, ஓய்வூதியத்தில் தானே இடம் பார்த்துச் சேர்ந்த ஆசிரியை இருக்கிறார். மனைவி போன பிறகு சமைத்துக்கொள்ள முடியாமல் வந்தவர் இருக்கிறார். அவருடைய மகன் வெளியூரிலிருந்து தவறாமல் தொலைபேசியில் பேசுகிறார். பிள்ளைகளோடு மனத்தாங்கல் ஏற்பட்டு வந்தவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் ‘உங்களைக் கவனிக்க யாரும் இல்லை’ என்று சொன்னால், முதல் இருவருக்கு அது தவறான செய்தி. மூன்றாமவருக்கு, அவர் எங்களிடம் சொல்லாத ஒன்றை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதாகும்.

பேரப்பிள்ளைகள் என்ற உறவைப் பற்றி எங்களுக்குள்ளேயே நீண்ட விவாதம் நடந்தது. நம் ஊரில் பேருந்தில் பார்க்கும் முன்பின் தெரியாத முதியவரைக்கூடத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறோம், அதில் என்ன தவறு என்று ஒரு மாணவி கேட்டார். வாயால் கூப்பிடுவதில் தவறில்லை. அவர்களே ‘வாடா பேராண்டி’ என்று அழைத்த பிறகு எழுதுவதிலும் தவறில்லை. ஆனால் உறவைக் கொடுப்பது பெரியவர்களின் உரிமை, அதை நாம் எடுத்துக்கொண்டு அறிவிக்கக் கூடாது என்பது என் எண்ணம். பேரனைப் பறிகொடுத்தவர்கள் அங்கே இருக்கலாம். பேரன் இருந்தும் பார்க்க முடியாதவர்கள் இருக்கலாம். பிள்ளையே வேண்டாம் என்று வாழ்ந்தவர்களும் இருக்கலாம். அவர்கள் அந்த இல்லத்தில் எப்படி அழைக்கப்படுகிறார்களோ, அந்த அழைப்பையே அட்டையிலும் எழுதுகிறோம். தையல் சொல்லிக்கொடுத்தவர் அங்கே எல்லோருக்கும் ‘டீச்சர்’. ஆகவே அட்டையிலும் ‘அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு’ என்றுதான் இருக்கும்.

இறைவன் மன வலிமை தரட்டும் என்பது பேரிழப்பு நேர்ந்த வீட்டில் சொல்லும் வார்த்தை. பொங்கலன்று அதைச் சொன்னால், நீங்கள் இங்கே வாழ்வதே ஒரு இழப்பு என்று பொருளாகிறது. கடைசி வரி பார்ப்பதற்கு இனிமையானது. ஆனால் அதில் அவருடைய புன்னகை எங்களுக்குச் சேர வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. அன்று அவருக்கு முழங்கால் வலி அதிகமாக இருந்து அவர் புன்னகை செய்யாவிட்டால், எங்கள் பொங்கலைக் கெடுத்தவர் ஆகிவிடுவாரா? அட்டை கொடுத்தவர்களுக்காகச் சிரிக்க வேண்டிய கடமையைப் பெறுபவர் தலையில் வைக்கக் கூடாது.

இந்த வாசகத்தை நாங்கள் திருத்தவில்லை. முழுவதுமாக விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக எழுதத் தொடங்கினோம். அதற்கு முதலில் தேவைப்படுவது அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்கும் ஏதாவது ஒரு சிறு செய்தி. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே வசிக்கிறார். பொன்மலையைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொன்னால், ஊட்டி மலை ரயிலுக்கான நீராவி இன்ஜின்களைக் கட்டிக் கொடுத்த பணிமனை அது. செய்தித்தாளில் ஒரு ரயில் விபத்துச் செய்தியை வாசித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் காலத்தில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துச் சோதிப்பார்கள் என்றும், நல்ல சக்கரம் மணிபோல் நீண்டு ஒலிக்கும், விரிசல் விழுந்தது சட்டென்று மந்தமாக அடங்கிவிடும் என்றும், காது பழகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் தப்பாது என்றும் அவர் விளக்கினார். அவருக்கு எழுதப்பட்ட அட்டை இது:

‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,
வணக்கம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தித்தாள் வாசிக்க வருபவர்கள். நாங்கள் நலம். தாங்கள் நலமா?
சக்கரத்தைத் தட்டிப் பார்க்கும் முறையைத் தாங்கள் சொன்னதிலிருந்து, இந்த முறை பொங்கல் பானை வாங்கும்போது நாங்களும் ஒவ்வொரு பானையாகத் தட்டிப் பார்த்தோம். இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பானைக்காரர் எங்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். தங்களைச் சொன்னோம்.
சத்தம் நிறைந்த பணிமனையில் அந்த ஒலியை மட்டும் எப்படிப் பிரித்துக் கேட்டீர்கள்? ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். அப்போது சொல்லுங்கள்.
இனிய பொங்கல் வாழ்த்துகள்.’

கீழே குழுவினரின் பெயர்கள், ஒவ்வொருவர் கையெழுத்திலும். இந்த அட்டையில் அவருடைய வயதும் இல்லை, உடல்நிலையும் இல்லை, அவர் ஓர் இல்லத்தில் இருக்கிறார் என்ற குறிப்பும் இல்லை. ஓய்வு பெற்று எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் அவருடைய தொழிலறிவு நேற்றுக் கடைவீதியில் பயன்பட்டது என்ற செய்தி இருக்கிறது. நாங்கள் என்ன செய்தோம் என்பது இருக்கிறது. அவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. மீண்டும் எப்போது வருவோம் என்பது தேதியோடு இருக்கிறது. ‘அடிக்கடி வருவோம்’, ‘என்றும் உங்களோடு இருப்போம்’ என்ற வாக்குறுதிகளை நாங்கள் எழுதுவதில்லை. மாணவர்கள் தேர்வு வந்தால் வராமல் போவார்கள், படிப்பு முடிந்தால் ஊரைவிட்டே போவார்கள். காத்திருப்பவருக்கு அந்த வார்த்தை நினைவில் நிற்கும். ஒரு தேதியைக் குறிப்பிட்டு அன்று போய் நிற்பதைவிடப் பெரிய அன்பை அட்டையில் எழுதிவிட முடியாது.

நல்ல நினைவோடு நன்றி சொல்வதற்கும் புகழ்வதற்கும் வேறுபாடு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ‘இந்த வயதிலும் எவ்வளவு சுறுசுறுப்பு’, ‘நீங்கள் எங்களுக்கெல்லாம் முன்னுதாரணம்’ என்ற வரிகளைப் புதியவர்கள் விரும்பி எழுதுகிறார்கள். எண்பது வயதானவர் தானே குளித்துத் தானே துணி மடிப்பதைச் சாதனையாகச் சொல்வது, குழந்தை நடந்ததற்குக் கைதட்டுவதோடு சேர்ந்துவிடுகிறது. அவர் செய்த ஒன்று நமக்குப் பயன்பட்டிருந்தால் அதை மட்டும் சொன்னால் போதும். வாழ்த்திலும் ஒரு கவனம் தேவை. வயதில் சிறியவர்கள் பெரியவர்களுக்கு ‘நூறாண்டு வாழ்க’ என்று எழுதுவது வழக்கம். தொண்ணூற்றிரண்டு வயதானவருக்கு அது எட்டாண்டுக் கெடு வைத்ததுபோல் ஆகும். அந்த ஆண்டுப் பொங்கலுக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னால் எல்லா வயதுக்கும் பொருந்தும்.

எல்லோருக்கும் அனுப்புகிறோம் என்று சொன்னேன். ஆனால் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து அனுப்பக் கூடாது. கடந்த ஓராண்டுக்குள் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ உடன்பிறந்தவரையோ இழந்தவர்கள் அந்த ஆண்டு பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது நம் குடும்பங்களில் பரவலாக உள்ள வழக்கம். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கரும்பும் பானையும் போட்ட அட்டை போகக் கூடாது. தன் வீட்டிலிருந்து வந்து இங்கே வாழ்பவருக்கும் அந்த வழக்கம் உண்டு. இல்லத்தில் இருப்பதால் அவருடைய துக்கம் குறைந்துவிடாது. ஆனால் அவருடைய அறைத் தோழிக்கு அட்டை வந்து அவருக்கு வராமல் போனால், மறந்துவிட்டார்கள் என்ற எண்ணம் வரும். ஆகவே அவர்களுக்குப் படமில்லாத வெள்ளைத் தாளில் ஒரு கடிதம் எழுதுகிறோம். ‘இந்த ஆண்டு தங்களுக்குப் பண்டிகை இல்லை என்பதை அறிவோம், ஆகவே வாழ்த்து எழுதவில்லை, நலம் விசாரித்து எழுதுகிறோம்’ என்று நேராகவே சொல்லிவிடுவோம். இறந்தவரைப் பற்றி நமக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்று இருந்தால் அதைச் சொல்லலாம். இல்லாவிட்டால் சும்மா இருப்பது நல்லது. யாருக்குப் பொங்கல், யாருக்குக் கிறிஸ்துமஸ், யாருக்கு ரம்ஜான் என்பதை இல்லத்து மேலாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். திருச்சிப் பக்கம் தேவாலயங்களிலும் பொங்கல் வைக்கிறார்கள் என்பதால், கிறிஸ்தவர் என்றாலே பொங்கல் இல்லை என்று நாமாக முடிவு செய்துகொள்ளவும் கூடாது.

வார்த்தைகளைப் போலவே காகிதத்துக்கும் எழுத்துக்கும் கவனம் தேவை, ஏனென்றால் படிக்க முடியாத அட்டையில் உள்ள அன்பு போய்ச் சேராது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மெல்ல மஞ்சள் நிறமடைகிறது. அதனால் நீல நிறம் மங்கி, கறுப்போடும் பச்சையோடும் குழம்புகிறது. கண்புரை இருந்தால் பளபளப்பான தாளில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசச் செய்து எழுத்தை மறைத்துவிடுகிறது. கடையில் கிடைக்கும் அழகான அட்டைகளில் பெரும்பாலானவை பளபளக்கும் தாளில், படத்தின் மேலேயே, வண்ண எழுத்தில் அச்சடிக்கப்பட்டவை. நாங்கள் பளபளப்பில்லாத வெள்ளை அல்லது இளமஞ்சள் அட்டையை வாங்கி, முன்பக்கத்தில் படத்தை வைத்துவிட்டு, உள்பக்கத்தில் படமில்லாத வெற்றிடத்தில் கறுப்பு மையால் எழுதுகிறோம். அச்சிட வேண்டியிருந்தால் 18 புள்ளி அளவுக்குக் குறையாமல், வரிகளுக்கிடையே நல்ல இடைவெளியோடு அச்சிடுகிறோம். தமிழில் இது இன்னும் முக்கியம். ‘ர’வும் துணைக்காலும் நெருக்கமாக எழுதினால் ஒன்றுபோல் தெரியும், மெல்லிய பந்துமுனைப் பேனாவில் வைத்த புள்ளி மங்கிய கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கையால் எழுதும்போது தடித்த முனைப் பேனாவால், புள்ளிகளை அழுத்தி வைக்கச் சொல்கிறோம். எழுதி முடித்த அட்டையைச் சாயங்காலத்தில் இல்லத்துக் கூடத்தின் குழல்விளக்கு வெளிச்சத்தில் கைநீட்டும் தூரத்தில் வைத்துப் படித்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. நம் வீட்டு மேசை விளக்கின் கீழ் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

அட்டை எங்கே நிற்கப் போகிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய அலமாரியின் மேல், மருந்துப் பெட்டிக்கும் தண்ணீர்க் குவளைக்கும் நடுவில் நிற்கும். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். மெல்லிய தாளில் செய்த அட்டை பறந்து கட்டிலுக்கடியில் போய்விடும். அதைக் குனிந்து எடுக்கப் போய் ஒருவர் விழுந்துவிட்டால் என்ன ஆவது? ஆகவே 300 ஜிஎஸ்எம் தடிமனுள்ள ஏ4 அட்டையை நடுவில் மடித்து, கூடாரம்போல் விரித்து நிற்கும்படி செய்கிறோம். ஜிகினாத் தூள் ஒட்டுவதில்லை. அது உதிர்ந்து தலையணையிலும் கண்ணிலும் சேரும். உறையை ஒட்டுவதும் இல்லை. விரல் மூட்டுகள் வீங்கியவருக்கு ஒட்டிய உறையைக் கிழிப்பது பெரிய பாடு. தன் பெயருக்கு வந்த உறையைப் பிரிக்க ஆயாவைக் கூப்பிட வேண்டிய நிலையை நாம் உண்டாக்கக் கூடாது. பழைய புக் போஸ்ட் வழக்கப்படி வாயை உள்ளே செருகினால் போதும்.

கண் தெரியாதவர்களுக்கும், பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கும் அட்டையை யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். அவர்களுக்கு எழுதும் அட்டை காதுக்காக எழுதப்பட வேண்டும்: வாக்கியங்கள் சிறியவையாக, ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டுமாக. வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் தெரியும்படி, குரலை உயர்த்தாமல் தாழ்ந்த தொனியில் நிதானமாக வாசித்தால் காது மந்தமானவர்களுக்கும் புரியும். கத்தினால் சொற்கள் சிதைந்து இன்னும் புரியாமல் போகும். வாசித்து முடித்தபின் அட்டையை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மாள் தனக்கு வந்த அட்டையை வருகிற ஒவ்வொருவரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்வார். வாசிப்பவர் ஒரு சொல்லை விட்டுவிட்டால், விட்ட இடத்தைச் சரியாகச் சொல்லித் திருத்துவார்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு எழுதும்போது ‘எங்களை நினைவிருக்கிறதா?’ என்ற கேள்வியைத் தவிர்க்கிறோம். அது அன்பாகக் கேட்கப்பட்டாலும் தேர்வுக் கேள்விதான். விடை தெரியாதவர் வெட்கப்படுவார், அல்லது தெரிந்ததுபோல் பேசி அவஸ்தைப்படுவார். முதல் வரியிலேயே நாம் யார் என்று சொல்லிவிட்டால் அவர் எதையும் நினைவுகூர வேண்டியதில்லை. குழுவினரின் புகைப்படம் ஒன்றை உள்ளே ஒட்டி, ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெரிய எழுத்தில் பெயர் எழுதுகிறோம். கேள்வி கேட்பதானால் நினைவைச் சோதிக்காத கேள்வியாக, விருப்பத்தைக் கேட்பதாக இருக்க வேண்டும்: சர்க்கரைப் பொங்கலா, வெண்பொங்கலா, எது பிடிக்கும்?

எழுதி முடித்தபின் அட்டைகளை எப்படிக் கொடுப்பது என்பதில் எங்கள் குழுவில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. நேரில் போய் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பதே முறை என்பார்கள் சிலர். தபாலில் அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. நேரில் கொடுக்கும்போது வரிசை உண்டாகிறது, யாராவது கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள், பெறுபவர் நம் முன்னாலேயே பிரித்துப் படித்து நன்றி சொல்ல வேண்டியதாகிறது. தபாலில் வந்தால் தபால்காரர் அவருடைய பெயரைச் சொல்லித் தேடுகிறார். அவருக்கு வேண்டும்போது, தனியாக இருக்கும்போது பிரித்துப் படிக்கலாம். பிடிக்காவிட்டால் ஓரமாக வைத்துவிடலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் தபாலே வென்றிருக்கிறது. பொங்கல் நெரிசலை எண்ணி ஜனவரி முதல் வாரத்திலேயே பெட்டியில் சேர்த்துவிடுகிறோம். அனுப்புவதற்கு முன் அன்று காலையில் பெயர்ப் பட்டியலை இல்லத்து அலுவலகத்தில் ஒருமுறை சரிபார்ப்பது கட்டாயம். மார்கழிக் குளிரில் மருத்துவமனைக்குப் போனவர்கள் இருப்பார்கள், புதிதாக வந்தவர்கள் இருப்பார்கள், இறந்தவர்களும் இருப்பார்கள். இறந்தவர் பெயருக்கு வந்த அட்டையைப் பக்கத்துக் கட்டில்காரர் கையில் வாங்கும் நிலை வரக் கூடாது. பெயரின் முதலெழுத்தையும் எழுத்துக்கூட்டலையும் அவரவர் எப்படி எழுதுவாரோ அப்படியே கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். சமையல்காரருக்கும் ஆயாக்களுக்கும் காவலாளிக்கும் அட்டை உண்டு. அதே வீட்டில் அவர்களும் பொங்கலன்று வேலை செய்கிறார்கள்.

ஒவ்வோர் உறைக்குள்ளும் எங்கள் முகவரி எழுதிய வெற்றுத் தபால் அட்டை ஒன்றை வைக்கிறோம். பதில் கட்டாயமில்லை என்று எழுதுவதில்லை, பதில் போட வேண்டும் என்றும் எழுதுவதில்லை. அட்டையைப் பார்த்தாலே அவர்களுக்குப் புரியும். வரும் பதில்களில் சிலவற்றைப் படிக்க இளையவர்களுக்கு உதவி வேண்டியிருக்கிறது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் எழுதப் பழகியவர்கள், லை, னை, ணா, றா போன்ற எழுத்துகளைச் சுழித்து வளைத்த பழைய வடிவத்திலேயே எழுதுகிறார்கள். தையல் டீச்சர் இரண்டு மாணவிகளுக்கு அந்த வடிவங்களை எழுதிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த அட்டையை அவர்கள் அந்த எழுத்திலேயே எழுதி அவருக்கு அனுப்பினார்கள், அவர் சிவப்பு மையில் இரண்டு பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினார்.

ஃபிட்டர் ஐயாவின் பதிலும் தபாலில்தான் வந்தது, ஞாயிற்றுக்கிழமை வரை அவர் காத்திருக்கவில்லை. பானைகளைத் தரையில் வைத்துத் தட்டினீர்களா, கையில் தூக்கிப் பிடித்துத் தட்டினீர்களா என்று கேட்டிருந்தார். தரையில் வைத்துத் தட்டினால் நல்ல பானையும் மந்தமாகத்தான் ஒலிக்கும், நீங்கள் திருப்பிக் கொடுத்த இரண்டும் நல்ல பானைகளாக இருந்திருக்கலாம், விளிம்பில் இரண்டு விரலால் தொங்கவிட்டாற்போல் பிடித்துக்கொண்டு தட்டுங்கள் என்று எழுதி, பானைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வரும்படியும் கேட்டிருந்தார். போய்ச் சொன்னோம்.

எல்லோரும் பதில் எழுதுவதில்லை. பலருக்கு எழுதக் கை வராது. சிலருக்கு எழுத மனமிருக்காது. அட்டையே வேண்டாம் என்றவரும் ஒருவர் உண்டு. வாழ்த்துகளை வாங்கி அடுக்கி வைத்துப் பார்ப்பதில் தனக்கு விருப்பமில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து விளையாட்டுப் பக்கத்தை மட்டும் வாசித்தால் போதும் என்று அவர் சொல்லிவிட்டார். எங்கள் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘அட்டை வேண்டாம், கிரிக்கெட் செய்தி’ என்று குறித்து வைத்திருக்கிறோம். புதிதாக வரும் மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அவருக்கும் ஒன்று அனுப்பி மனத்தை மாற்றலாமே என்று கேட்பார்கள். அனுப்புவதில்லை. பொங்கல் வாரத்து ஞாயிற்றுக்கிழமையில் செய்தித்தாளைப் பின்பக்கத்திலிருந்து பிரித்துக்கொண்டு அவர் கட்டிலுக்கு முதலில் போகிறோம்.